தை 1114, படிப்புரையில் ஓர் ஒற்றிப் பேச்சு: நாஞ்சில் நாட்டுக் காலக் காட்சியை எழுதுவதற்கான முழுமையான வழிகாட்டி

இருபது வருஷத்துக்கு முன்னால், நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஓர் ஊர்த் திருவிழாவில் நான் எழுதிய நாடகம் போட்டார்கள். கதை 1930களில் நடப்பது. ஒரு காட்சியில் கடைக்காரர் "நாலணா ஆச்சு" என்பார். நாடகம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "மக்கா, நம்ம ஊர்ல அணா ஏது? அது பாண்டிக்காரன் காசுல்லா. நமக்குச் சக்கரம்லா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நினைவுபடுத்துவது போலத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு சொல் காதில் விழுந்த நொடியிலிருந்து கதை அவருக்கு வேறு ஊரில் நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்த நல்ல வசனங்களும் அவரைத் தொடவில்லை.

அதன் பிறகு காலக்கதை எழுதும்போதெல்லாம் ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டேன். முதலில் நாள், அடுத்து சட்டமும் காசும், பிறகு பொருள், பிறகு யார் எங்கே நிற்பார் எங்கே இருப்பார் என்பது. பேச்சு கடைசியில்தான். பலரும் பேச்சில் தொடங்கி வட்டாரச் சொற்களைத் தூவிவிட்டு, காலம் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். இந்த வரிசை எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே ஒரு காட்சியை வைத்துக் காட்டுகிறேன். ஆராய்ச்சி எதுவும் செய்யாமல் எழுதினால் அந்தக் காட்சி இப்படி வரும்:

காட்சி 12. கன்னியாகுமரி மாவட்டம், 1939. பண்ணையார் வீடு. பகல்.

பண்ணையார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நீலகண்டன் உள்ளே வருகிறான்.

நீலகண்டன்: வணக்கம் ஐயா. தங்கச்சி கல்யாணத்துக்குப் பணம் தேவைப்படுது. வயலை அடமானம் வைக்கிறேன்.

பண்ணையார்: உட்காருப்பா. காபி சாப்பிடு. (வேலைக்காரன் எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டுவருகிறான்.) நாளைக்கே பத்திரம் எழுதிடலாம். கலெக்டர் ஆபீஸ்ல நமக்குத் தெரிஞ்சவர் இருக்கார்.

நீலகண்டன்: ரொம்ப நன்றி ஐயா. அறுவடை முடிஞ்சதும் பணத்தைத் தந்திடறேன். இன்னிக்கே ரயில் ஏறிப் போய் மாமாகிட்டயும் சொல்லிட்டு வந்திடறேன்.

படித்தால் உறுத்தாது. ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு வரியும் தவறு. அதைவிடப் பெரிய குறை, இந்தக் காட்சிக்குள் இருக்கிற உண்மையான சிக்கல் எழுதியவர் கண்ணில் படவே இல்லை.

முதல் படி: ஆண்டு போதாது, மாதம் வேண்டும்

"1939" என்பது எழுதுகிறவருக்கான குறிப்பு. அந்த மனிதர்கள் நாளை எண்ணியது கொல்லம் ஆண்டில். பிரமாணம் என்கிற நிலப் பத்திரம், கோயில் கணக்கு, கரம் என்கிற நிலவரி கட்டிய ரசீது எல்லாமே அதில்தான். ஆவணி முதல் தேதி ஆண்டு பிறக்கும். ஆவணிப் பிறப்பிலிருந்து டிசம்பர் முடிய உள்ள நாளுக்குக் கொல்லம் ஆண்டோடு 824 கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து ஆடி முடிய உள்ள நாளுக்கு 825. ஆலயப் பிரவேச விளம்பரம் வந்த 1936 நவம்பர் கொல்லம் 1112-இல் விழுகிறது. பெரியவர்கள் "தொண்ணூத்தொம்பது வெள்ளம்" என்று சொன்னால் அது 1099, அதாவது 1924 ஜூலை. இந்தக் கணக்கை மறந்து எல்லாவற்றுக்கும் 825 கூட்டினால் பல ஆவணங்களில் ஒரு வருஷம் தள்ளிப் போய்விடும்.

கல்யாணம் என்பதால் மாதத்தைத் தை என்று வைத்துக்கொண்டேன். 1114 தை என்றால் 1939 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. இதை ஊன்றிவிட்டால் சுற்றியிருக்கும் உலகம் தானாகத் தெளியும். உலகப்போர் இன்னும் எட்டு மாதம் கழித்துத்தான் வரும், எனவே யாரும் யுத்தத்தைப் பற்றிப் பேச முடியாது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். முந்தைய ஆண்டுதான் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தொடங்கிப் பெரிய கிளர்ச்சி நடந்திருக்கிறது, ஆகையால் வீட்டு முன்திண்ணையான படிப்புரையில் நாலு பேர் கூடினால் அந்தப் பேச்சு எழும். இதே காட்சியை மூன்று வருஷம் தள்ளி 1117-க்கு நகர்த்திப் பாருங்கள். பர்மா அரிசி நின்றுபோய், மரச்சீனிக் கிழங்கு தின்று வயிறு நிறைக்கும் காலம் அது. நெல் வைத்திருப்பவன் குரலே மாறியிருக்கும்.

அந்தத் தை மாதத்தில் வயலில் என்ன நிற்கும் என்பதையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். நாஞ்சில் நாட்டில் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். கன்னிப்பூ ஆவணி, புரட்டாசி வாக்கில் அறுவடை. கும்பப்பூ மாசி, பங்குனி வாக்கில். ஆக, தையில் கும்பப்பூ கதிர்விட்டு நிற்கிறது, அறுக்க இன்னும் சில வாரம் இருக்கிறது. இதை ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள். காட்சியின் முடிச்சு இங்கேதான் விழப்போகிறது.

இரண்டாம் படி: அன்று இல்லாதவை

என்னென்ன இருந்தது என்று தேடப்போனால் முடிவே கிடையாது. எது இல்லை என்பதற்கு எல்லை உண்டு. அதனால் எழுதிய காட்சியில் வருகிற ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் தனியே எடுத்து, அது எப்போது வந்தது என்று கேளுங்கள்.

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் பிறந்தது. 1939-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாவும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில். ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த திருநெல்வேலி ஜில்லா. கலெக்டர் என்ற பதவி அந்தப் பக்கத்தது. இந்தப் பக்கம் டிவிஷனுக்குத் தலைவர் திவான் பேஷ்கார், அவருக்குக் கீழே தாசில்தார். ஆபீஸ் என்பதைவிடக் கச்சேரி என்பதே வாயில் வரும். ரயிலும் கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979-இல்தான். திருவிதாங்கூர் அரசு பஸ் விடத் தொடங்கியது 1938 பிப்ரவரியில், அதாவது நம் காட்சிக்கு ஒரு வருஷம் முன்னால். ஆக, நீலகண்டன் மாமாவுக்குச் செய்தி சொல்ல வேண்டுமென்றால் அஞ்சலில் எழுதிப் போடலாம். அஞ்சல் என்பது அன்று பொதுவான சொல் அல்ல, திருவிதாங்கூரின் சொந்தத் தபால் துறையின் பெயர். 1951-இல் அது இந்தியத் தபாலோடு சேர்ந்தது.

இதே முறையில் கிறிஸ்தவ வீட்டுக் காட்சியிலும் ஒரு தவறு அடிக்கடி மாட்டும். 1939-இல் "சி.எஸ்.ஐ. கோயில்" இல்லை, தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பரில். அதற்கு முன் இங்கே லண்டன் மிஷனரி சங்கத்தின் பெயரால் "எல்.எம்.எஸ்." என்பார்கள். கத்தோலிக்கக் கோயில் என்றால் பூசை லத்தீனில் நடந்திருக்கும்.

இந்தத் தேதிகளுக்குத் துணையாக நான் கையில் வைத்திருப்பது திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல். நாகம் ஐயா எழுதியது 1906-இல் வந்தது, வேலுப்பிள்ளை எழுதியது 1940-இல். நம் காட்சிக்குப் பின்னது நெருக்கம். அதற்கும் மேலே அரசு கெஜட்டைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்குப் போக வேண்டாம், திருவனந்தபுரத்தில் உள்ள கேரள அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். இரண்டு மானுவலும் அரசின் கண்ணால் எழுதப்பட்டவை. ஒரு வரியை எப்போது உயர்த்தினார்கள் என்று சொல்லும்; அதைக் கட்டப் போனவன் கச்சேரி வாசலில் எப்படி நின்றான் என்று சொல்லாது.

மூன்றாம் படி: காசும் பிரமாணமும்

காசைச் சரிசெய்வது எளிது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு மதிப்பு கொஞ்சம் கூடுதல், இருபத்தெட்டரைச் சக்கரம். இந்த அரைச் சக்கர வித்தியாசம் எழுத்தாளருக்குக் கிடைத்த வரம். ஆரல்வாய்மொழி தாண்டி மாடு வாங்கப் போகிறவன் எந்த ரூபாயில் விலை பேசுகிறான் என்று கேட்க ஒரு நொடி தயங்கினால், எல்லைக்கோட்டைக் காட்டாமலே எல்லை தெரியும்.

கடன் தொகை எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். ஒரு விலைப்பட்டியலைப் பார்த்துக் கணக்குப் போட்டு "இருநூறு ரூபாய்" என்று எழுதிவிடுகிறார்கள். அதே தாலுகாவில், ஐந்து வருஷத்துக்குள் எழுதிய மூன்று பிரமாணமாவது பார்க்காமல் நிலத்துக்கு எண் எழுதாதீர்கள். அப்படிப் பார்க்க முடியாவிட்டால் எண்ணைச் சொல்லாமலே காட்சியை நடத்துங்கள். "பிரமாணத்தில கண்ட துகை" என்றால் போதும். ஊரார் காதில் விழும்படி துகையைச் சொல்லாமல் இருப்பது இயல்பும்கூட.

பழைய பிரமாணங்களைப் பல வீடுகளில் இன்னும் தகரப்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். என் உறவு வீட்டில் ஒன்றை விரித்துக் காட்டினார்கள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் காகிதம் பிரிந்து எட்டுத் துண்டாகத் தொங்கியது. முத்திரையில் திருவிதாங்கூர்ச் சங்கு, மேலே கொல்லம் ஆண்டு, நிலத்தின் நாலெல்லை. பரப்பைச் சென்டில் எழுதி, கூடவே மரக்கால் விதைப்பாட்டிலும் சொல்லியிருந்தது. இத்தனை மரக்கால் நெல் விதைக்கக் கூடிய வயல் என்பதுதான் பேச்சில் வரும் அளவு. அதற்குக் கீழே, எழுதிக்கொடுத்தவரின் இடது பெருவிரல் ரேகை. அந்த ரேகை மை தேய்ந்து ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துக் காட்சியில் பேனாவை நீட்டும் வழக்கத்தை விட்டேன்.

இனி முக்கியமான சொல்லுக்கு வருகிறேன். முதல் வரைவில் "அடமானம்" என்று இருக்கிறது. நாஞ்சில் நாட்டில் வயலை வைத்துக் கடன் வாங்குவதற்குப் புழங்கிய சொல் ஒற்றி. இதைச் சொல் மாற்றமாக மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போய்விடலாம். நானும் முதலில் அப்படித்தான் போனேன். ஆனால் ஒற்றி என்பது வேறு ஏற்பாடு. ஒற்றி வைத்தால் வயல் கடன் கொடுத்தவன் கைக்குப் போகும். வட்டிக்குப் பதில் விளைச்சலை அவன் எடுப்பான். கடனைத் தீர்க்கும்போதுதான் வயல் திரும்பும். அப்படியென்றால் "அறுவடை முடிஞ்சதும் தந்திடறேன்" என்ற வரிக்கு அர்த்தமே இல்லை. அறுவடையே இவனுக்கு இல்லை. வயலிலோ கும்பப்பூ கதிர்விட்டு நிற்கிறது. விதைத்தவன் இவன், தண்ணீர் பாய்ச்சியவன் இவன். அந்தக் கதிரை அறுக்கப் போவது யார்?

காட்சி முழுவதும் இந்தக் கேள்விதான். நான் கற்பனையில் தேடிக்கொண்டிருந்த மோதல் ஒரு சட்டச் சொல்லுக்குள் இருந்தது.

இன்னும் ஒரு கேள்வி மிச்சம்: வயலை ஒற்றி வைக்க நீலகண்டனுக்கு உரிமை உண்டா? இதற்குப் பதில் சொல்ல அவன் சமுதாயத்தை முடிவு செய்தாக வேண்டும். நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் என்று வைத்தால், கொல்லம் 1101-இல், அதாவது 1926-இல், நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் ரெகுலேஷன் வரும்வரை அவர்களிடம் மருமக்கள் வழி இருந்தது. சொத்தை ஆண்டவர் காரணவரான தாய்மாமன், வாரிசு மருமகன், அதாவது சகோதரியின் மகன். சட்டத்துக்குப் பிறகு குடும்பங்கள் பாகம் பிரித்தன. 1939-இல் இது பதின்மூன்று வருஷப் புண். அதனால் "மாமா" என்ற சொல் இந்தக் காட்சியில் வெறும் உறவுப் பெயர் அல்ல. நேற்றுவரை அந்த வயலை ஆண்டவர் அவர். கடன் கொடுக்கிறவர் முதலில் கேட்கப் போவது "மாமன் வரல்லியா?" என்பதாகத்தான் இருக்கும். அந்த வீடுகளுக்குள் இருந்த உறவுக் கசப்பை அறிய, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பாடிய மருமக்கள் வழி மான்மியத்தை நிதானமாகப் படியுங்கள். அது வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று பாடிய நையாண்டி. ஆகவே அதில் வரும் காரணவரை எல்லாக் காரணவருக்கும் அச்சாக எடுத்துவிடக் கூடாது.

நான்காம் படி: பொருளோடு அதன் வேலையையும் சேர்த்துப் பிடிப்பது

எவர்சில்வர் டம்ளரை எடுத்துவிட்டுப் பித்தளைச் செம்பு வைத்தால் முடிந்தது என்று தோன்றும். வைத்துப் பார்த்தேன். காபிக்குப் பதில் மோர் கொடுக்கலாம் என்று எழுதியபோது, பாத்திரம் தெரிந்த ஒரு அத்தை தடுத்தார். பித்தளையில் மோர் ஊற்றினால் களிம்பேறும், ஈயம் பூசியிருக்க வேண்டும் என்றார். ஈயம் பூச ஆள் ஊர் ஊராக வருவார். பூச்சு தேய்ந்தால் அடியில் மஞ்சள் தெரியும். இப்போது அந்தச் செம்பு வேலை செய்யத் தொடங்கிவிட்டது. வசதியான வீடு என்றால் உள்ளே வெள்ளையாக மின்னும். கை இறங்கிய வீடு என்றால் அடியில் மஞ்சள் தெரியும், வருகிறவனுக்கு அதில் மோர் கொடுக்கத் தயங்குவார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் இதே மூன்று கேள்வி: யார் துடைப்பார், எப்போது கெடும், கெட்டால் என்ன செய்வார். பதில் கிடைக்காத பொருளைக் காட்சியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நம் காட்சிக்கு நாலு பொருள் போதும்: வாசலில் கால் கழுவக் கிண்டி, வெற்றிலைச் செல்லம், எச்சில் துப்பக் கோளாம்பி, மோர்ச் செம்பு. நெல் சேர்த்துவைக்கும் பத்தாயத்தை உள்ளே ஒரு ஓரத்தில் காட்டலாம், அதைப் பற்றி யாரும் பேச வேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்ப் படம் எடுத்துவந்து கலை இயக்குநரிடம் கொடுப்பதைப் பார்க்கிறேன். அது மன்னர் வீடு, அதிலும் பெரும்பகுதி 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மரவேலையையும் கருந்தரையையும் அங்கே படிக்கலாம். 1939-இல் தோவாளைப் பக்கத்து நிலக்காரர் வீட்டில் எங்கே எது இருந்தது என்பதை அங்கே படிக்க முடியாது. அதற்குப் பூதப்பாண்டி, சுசீந்திரம் பக்கம் இடியாமல் மிச்சமிருக்கும் வீடுகளின் படிப்புரையில் போய் நின்று பாருங்கள். கூரை எவ்வளவு தாழ்வு, குனியாமல் நுழைய முடியுமா என்பது உடம்புக்குத்தான் தெரியும்.

ஐந்தாம் படி: நிற்பதும் இருப்பதும்

"உட்காருப்பா" என்ற ஒரு சொல்லுக்குள் அந்தக் காலத்தின் முழு ஒழுங்கும் இருக்கிறது. வருகிறவன் யார் என்பதைப் பொறுத்து அவன் கால் எந்த இடத்தில் நிற்கும் என்பது மாறும். தூரத்து உறவும் அதே சாதியும் என்றால் படிப்புரைவரை ஏறலாம், பெஞ்சின் ஓரத்தில் இருக்கலாம். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த உழைப்பாளி என்றால் அவரை முற்றத்துக்கு வெளியே நிறுத்தியிருப்பார்கள். தோளில் கிடக்கும் துண்டு அக்குளுக்குப் போயிருக்கும். செம்பில் மோர் வராது. இதை மென்மையாக்கி எல்லோரையும் ஒரே திண்ணையில் உட்காரவைப்பது, அந்த அவமானத்தைச் சுமந்தவர்களின் வாழ்க்கையைக் கதையிலிருந்து அழிப்பதாகும். 1936-இல் கோயில் கதவு திறந்தது. வீட்டு முற்றம் அதே நாளில் திறந்துவிடவில்லை. படித்தவர்கள் கூடும் இடத்திலும் இதே நிலைதான். வழக்கறிஞர் நேசமணி 1920களில் நாகர்கோவிலில் தொழில் தொடங்கியபோது, வழக்கறிஞர் சங்கத்தில் மேல்சாதியாருக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும், குடிக்கத் தனித்தனித் தண்ணீர்ப் பானையும் இருந்ததையும் அவர் அதை எதிர்த்து மாற்றியதையும் அவரது வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

இந்தப் படியில் ஓர் எச்சரிக்கை உண்டு. மிஷனரி சாமுவேல் மேட்டீர் 1871-இல் வெளியிட்ட நூலில், அடிமைப்பட்டிருந்த மக்கள் மேல்சாதியார் முன் "நான்" என்று சொல்ல முடியாமல் "அடியன்" என்று சொல்ல வேண்டியிருந்ததையும், தங்கள் சோற்றைச் சோறு என்று சொல்லாமல் கரிக்காடி என்று தாழ்த்திச் சொன்னதையும் எழுதியிருக்கிறார். கையில் கிடைத்ததும் இதை எழுதிவிடத் தோன்றும். ஆனால் அது நம் காட்சிக்கு 68 வருஷம் முந்தியது. வேறு பகுதி, வேறு மக்கள். 1939-இல் ஒரு கிழவர் வாயில் பழக்கத்தால் "அடியன்" வரலாம், பள்ளிக்கூடம் போன அவர் பேரன் அதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். இருவருக்கும் ஒரே பேச்சை எழுதினால் இரண்டு தலைமுறைக்கு நடுவே நடந்த போராட்டமே காணாமல் போகும்.

முதல் வரைவின் பண்ணையாரை அண்ணாச்சி ஆக்கினேன். நீலகண்டனை அவருக்குத் தூரத்து உறவாக, ஆனால் பணத்தில் பல படி கீழே வைத்தேன். அப்போது அவன் படிப்புரை ஏறலாம். "இரி" என்ற சொல் வரும்வரை உட்கார முடியாது.

ஆறாம் படி: பேச்சு

இப்போதுதான் வசனம். உறவு முடிவாகிவிட்டதால் அழைக்கும் சொல்லும் முடிவாகிவிட்டது: மேலே பார்த்து "அண்ணாச்சி", கீழே பார்த்துப் பெயரோ "மக்கா"வோ. சம வயதுக்காரர்கள் என்றால் "ஓய்", "வாரும்", "இரியும்" வந்திருக்கும். "வணக்கம்" அரசியல் மேடை வழியே வீட்டுக்குள் வந்து சேர்ந்தது பிற்பாடு. படிப்புரையில் அது தேவையே இல்லை, வந்து நிற்பதே வணக்கம். "ரொம்ப நன்றி"யும் அப்படித்தான். உறவுக்குள் நன்றியை வாயால் சொல்வதில்லை. எழுந்து "வாறேன்" என்றால் அதில் எல்லாம் அடங்கும். "போறேன்" என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பெரியவர்களிடம் பேச்சைச் சேகரிக்கப் போகிறவர்கள் "இதுக்குப் பழைய சொல் என்ன?" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் கிடைப்பது அகராதி. இன்று எண்பத்தைந்து வயதான ஒருவருக்கே 1939 நினைவில் இருக்க வழியில்லை. அவர் நினைவில் இருப்பது அவருடைய பாட்டாவின் குரல். எனவே "உங்க பாட்டா கடன் கேக்க வந்தவன்கிட்ட எப்பிடிப் பேசுவாரு?" என்று கேளுங்கள். அவர் குரலை மாற்றி நடித்துக் காட்டுவார். அந்த நடிப்பில் வரும் நிறுத்தம், பேசாமல் வெற்றிலை மடிக்கும் நேரம், கேள்விக்குப் பதிலாகக் கேள்வி கேட்பது, இவைதான் உங்களுக்கு வேண்டியவை.

தோவாளைப் பேச்சும் விளவங்கோட்டுப் பேச்சும் ஒன்றல்ல. மேற்கே போகப் போக "பறஞ்சான்" வரும், மலையாளம் கலக்கும். கடற்கரை ஊர்களுக்குத் தனிப் பேச்சு. இவற்றைக் கலந்து "குமரித் தமிழ்" என்று ஒன்றைச் செய்தால் ஒருவருக்கும் சொந்தமில்லாத பேச்சாகிவிடும். வெளியூர்ப் பார்வையாளருக்குப் புரியாதே என்ற கவலைக்கு என் வழி இது: வினைமுற்றுகளை எங்கும் வட்டாரப்படியே வைக்கிறேன், அது காதுக்குச் சீக்கிரம் பழகிவிடும். அரிய பெயர்ச்சொல் ஒரு வசனத்துக்கு ஒன்று, அதையும் காட்சியில் கண்ணால் காணும்போது மட்டும். "கும்பப்பூ" புரியாவிட்டாலும், "அறுத்துக்கிடுதேன்" என்றதும் அது பயிர் என்று யாருக்கும் புரியும்.

இத்தனைக்கும் பிறகு காட்சி இப்படி ஆனது:

காட்சி 12. தோவாளை தாலுகா, பூதப்பாண்டிக்குப் பக்கம் ஓர் ஊர். கொல்லம் 1114 தை. அண்ணாச்சி வீட்டுப் படிப்புரை. முற்பகல்.

அண்ணாச்சி சாய்வு நாற்காலியில். பக்கத்தில் வெற்றிலைச் செல்லம், கோளாம்பி. நீலகண்டன் கிண்டித் தண்ணீரில் கால் கழுவிவிட்டுப் படியேறி நிற்கிறான். தோளில் கிடந்த துண்டு கையில்.

அண்ணாச்சி: (நிமிராமல்) இரி.

நீலகண்டன் பெஞ்சின் ஓரத்தில் இருக்கிறான்.

அண்ணாச்சி: மாமன் வரல்லியா?

நீலகண்டன்: அஞ்சல்ல எழுதிப் போட்டிருக்கேன். பாகம் பிரிச்ச பொறவு அவரு ஒண்ணும் சொல்லதில்ல.

அண்ணாச்சி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிறார். நீலகண்டன் மடியிலிருந்து பிரமாணத்தை எடுத்து நாற்காலிக் கையில் வைக்கிறான். அவர் அதைத் தொடவில்லை.

அண்ணாச்சி: பத்து மரக்கா வெதப்பாடு. கதிரு வந்தாச்சா?

நீலகண்டன்: கும்பப்பூ நான் அறுத்துக்கிடுதேன் அண்ணாச்சி. வாற கன்னிப்பூவில இருந்து நீங்க எடுத்துக்கிடுங்க.

அண்ணாச்சி: (உள்ளே பார்த்து) மோரு கொண்டா.

செம்பு வருகிறது. நீலகண்டன் அண்ணாந்து குடிக்கிறான். குடித்து முடிக்கும்வரை அவர் பேசவில்லை.

அண்ணாச்சி: பூவோட எழுதினா ஒரு துகை. பூ இல்லாம எழுதினா வேற துகை. யோசிச்சுக்கிட்டு வா.

நீலகண்டன்: (எழுந்து) வாறேன் அண்ணாச்சி.

கடைசிப் படி: மூன்று காதுகள்

எழுதியதை மூன்று பேருக்கு வாசித்துக் காட்டுங்கள், படிக்கக் கொடுக்காதீர்கள். ஒருவர் வயதானவர். இன்னொருவர் கதையில் வரும் சமுதாயத்தைச் சேர்ந்த, அதே பக்கத்து ஊர்க்காரர். மூன்றாமவர் மாவட்டத்துக்கு வெளியே உள்ளவர். வெளியூர்க்காரர் ஒரு சொல்லில் தடுக்கினால், அந்தச் சொல்லை மாற்ற வேண்டாம். அது என்ன என்பதைக் கையாலோ பொருளாலோ காட்டுகிறீர்களா என்று பாருங்கள். ஊர்க்காரர் "எங்க வீட்ல இப்படி இல்ல" என்றால், அது அவர் வீட்டு வழக்கமா ஊர் வழக்கமா என்று இன்னும் இரண்டு வீட்டில் கேட்ட பிறகு மாற்றுங்கள். வயதானவர் சொல்லும் குறை பெரும்பாலும் சொல்லைப் பற்றியதாக இருக்காது. நடந்திருக்குமா என்பதைப் பற்றியதாக இருக்கும். அதற்கு உடனே காது கொடுக்க வேண்டும்.

மேலே உள்ள காட்சியை வாசித்தபோது, முதலில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியம்மை, நீலகண்டன் "வாறேன்" என்றதும் கேட்டார்: "அன்னைக்கு என்ன கெழமை?" யோசிக்கவே இல்லை என்றேன். "செவ்வாயும் வெள்ளியும்னா துட்டுப் பேச்சே எடுக்க மாட்டாங்கல்லா. அந்த நாள்ல மடியில பிரமாணத்த வச்சுக்கிட்டு ஒருத்தன் படியேற மாட்டான்" என்றார். காட்சித் தலைப்பில் "தை" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "புதன்கிழமை" என்று சேர்த்து எழுதினேன்.